ஐந்து கையெழுத்தும் ஒன்பது கிலோ பாரையும்

திருகோணமலையில் மீன் வாங்கி விற்கும் ஒரு குடும்பக் கம்பனியில்தான் நான் முதன்முதலாக நிதி முகாமையாளராகச் சேர்ந்தேன். இறக்கக்கண்டி, குச்சவெளிப் பக்கக் கரைகளில் விடியக் காலை படகுக்காரரிடம் கைக்காசுக்கு மீன் எடுப்பார்கள். அதை வாடிக்குக் கொண்டுவந்து நிறுத்து, ஐஸ் போட்டுப் பெட்டி கட்டி, பின்னேரம் லொறியில் ஏற்றினால் ஹபரணை, தம்புள்ளை வழியாக இரவோடு இரவாகப் பேலியகொடை மீன் சந்தைக்குப் போய்விடும். விற்ற காசு இரண்டு மூன்று நாளில் வங்கிக்கு வரும். தொழில் இவ்வளவுதான். ஆனால் ஒரு நாளைக்குக் காசாகவே பல இலட்சம் கை மாறும். விற்கிறவரிடம் பில் புத்தகம் கிடையாது, விலை மணிக்கு மணி மாறும், சரக்கோ அடுத்த நாள் கையில் இருக்காது. உள்ளகக் கட்டுப்பாடு படிக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று இப்போது சொல்லலாம்.

அண்மையில் நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டலில் நிதி முகாமையாளராகப் பொறுப்பேற்ற ஒரு தம்பி கேட்டார்: "அக்கா, உள்ளகக் கட்டுப்பாட்டின்ர அந்த அஞ்சு கூறுகளும் சோதினைக்குப் பாடமாக்கினதுதான். கதிரையில இருந்த பிறகு எது எங்க இருக்குது எண்டே தெரியேல்ல." அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பாடப்பகுதியை முதலில் முடித்துவிடுவோம். நாம் எல்லோரும் படிக்கும் கட்டமைப்பு அமெரிக்காவின் கோசோ குழு 1992இல் வெளியிட்டது. 2013இல் அதைத் திருத்தி, ஐந்து கூறுகளுக்குக் கீழே 17 கோட்பாடுகளை வைத்தார்கள். கட்டுப்பாட்டுச் சூழல், இடர் மதிப்பீடு, கட்டுப்பாட்டுச் செயற்பாடுகள், தகவலும் தொடர்பாடலும், கண்காணிப்பு என்பவைதான் அந்த ஐந்து. வெளியிலிருந்து வரும் கணக்காய்வாளரும் ஏறத்தாழ இதே ஐந்தை வைத்துத்தான் நம் கம்பனியைப் பார்ப்பார். ஐந்தும் இருக்க வேண்டும், ஐந்தும் வேலை செய்ய வேண்டும், ஒன்றோடொன்று சேர்ந்தும் இயங்க வேண்டும் என்று அந்தக் கட்டமைப்பு சொல்கிறது. இந்தக் கடைசி நிபந்தனையைத்தான் பலர் வாசித்துவிட்டுத் தாண்டிப் போகிறார்கள். அதன் பொருளை எனக்குக் காட்டியது ஒரு துண்டு.

அது ஒரு கொள்வனவுத் துண்டு. பாரை 180 கிலோ, கிலோ 1,100 ரூபாய், மொத்தம் 198,000 ரூபாய். (கணக்கு விளங்குவதற்காக எண்களைக் கொஞ்சம் உருட்டியிருக்கிறேன்.) அதில் ஐந்து கையெழுத்துகள் இருந்தன. கம்பனிக்காகக் கரையில் மீன் எடுத்தவர், படகுக்காரர், வாடியில் நிறுப்பவர், காசாளர், எனக்கு முன் அந்தக் கதிரையில் இருந்த முகாமையாளர். எல்லாம் உண்மையான கையெழுத்து. கோப்பைப் பார்த்தால் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் அதே நாள் வாடியில் பெட்டி கட்டியவர்கள் தங்கள் கூலிக் கணக்குக்காக ஒரு கொப்பியில் கிலோ எழுதி வைத்திருந்தார்கள். அதில் அந்தப் படகின் பாரை 171 கிலோ.

ஒன்பது கிலோ எங்கே என்று கேட்டால் எல்லோரிடமும் ஒரே பதில்: "தண்ணி வடியும்தானே மிஸ்." மீனில் தண்ணீர் வடிவது உண்மை. எவ்வளவு வடிகிறது என்று யாரும் பார்த்ததில்லை. ஒரு பெட்டி மீனைக் கரையில் என் முன்னால் நிறுக்கச் சொல்லி, அதே பெட்டியை வாடியில் திரும்ப நிறுத்தோம். 40 கிலோவாக இருந்தது 39.7 ஆனது. நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. துண்டில் இருந்த வித்தியாசமோ நூற்றுக்கு ஐந்து.

அதற்குப் பிறகு நான் செய்த வேலையைத்தான் புதிதாகக் கதிரையில் அமர்கிற எவருக்கும் முதலில் செய்யச் சொல்வேன். கணினியைத் திறக்காதீர்கள், நடைமுறைக் கையேட்டையும் திறக்காதீர்கள். ஒரே ஒரு துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு, கையெழுத்துப் போட்ட ஒவ்வொருவரிடமும் போய், "இதில கையெழுத்து வைக்கேக்க நீங்கள் கண்ணால கண்டது என்ன?" என்று கேளுங்கள். குற்றம் சாட்டுகிற தொனி வேண்டாம், அறிந்துகொள்ளத்தான் கேட்கிறோம். 

படகுக்காரர் கண்டது மொத்தக் காசை மட்டும். துண்டு ஆங்கிலத்தில் அச்சடித்தது, அவர் அதை வாசிக்கவில்லை. நிறுப்பவர் கண்டது துண்டிலிருந்த 180 என்ற இலக்கத்தை. லொறிக்கு நேரமாகிவிட்டதால் அதைப் பார்த்தே தன் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறார். காசாளர் கண்டது துண்டுகளின் கூட்டுத்தொகையையும் திரும்பி வந்த மிச்சக் காசையும். அவை பொருந்தின. பொருந்தாமல் எப்படிப் போகும், துண்டை எழுதியவரும் காசை வைத்திருந்தவரும் ஒரே ஆள்தானே. முன்னைய முகாமையாளர் கண்டது சனிக்கிழமை மேசைக்கு வந்த துண்டுக் கட்டை. ஆக ஐந்து பேர் கையெழுத்திட்டும், மீன் தராசில் ஏறியதைக் கண்டது ஒருவர் மட்டும்தான். அவர் மீன் எடுத்தவர்.

இங்கேதான் பெரும்பாலானோர் ஆறாவது கையெழுத்தைச் சேர்ப்பார்கள். ஒரு மேற்பார்வையாளரைக் கரைக்கு அனுப்புவார்கள், படிவத்தில் இன்னொரு கட்டம் போடுவார்கள். இதெல்லாம் மூன்றாவது கூறான கட்டுப்பாட்டுச் செயற்பாடுகளுக்குள் வருகிற வேலை. முதலிரண்டையும் தொடாமல் மூன்றாவதில் கை வைத்தால் அந்த ஆறாவது கையெழுத்தும் மற்ற ஐந்தைப் போலவே ஆகிவிடும். அதனால் நான் கேள்வியை மாற்றிக்கொண்டேன்: மீன் எடுத்தவர் ஏன் 180 என்று எழுதினார்?

அவர் வேறு யாருமல்ல, முதலாளிக்கு ஒன்றுவிட்ட தம்பி முறை. கள்ளன் என்று நினைத்துப் போனால் கதை முடிந்துவிடும். நான் கணக்கைப் போட்டுக் காட்டினேன். 171 கிலோவுக்கு 198,000 ரூபாய் கொடுத்தால் கிலோ கிட்டத்தட்ட 1,158 ரூபாய் விழுகிறது. அன்று காலை பக்கத்து வாடிக்காரர் பாரைக்குக் கொடுத்த விலை 1,150 என்று படகுக்காரரே சொன்னார். நம் முதலாளியோ முதல் நாள் இரவு பேலியகொடைக்கு ஒரு அழைப்பு எடுத்துவிட்டு, "பாரை 1,100க்கு மேல எடுக்காத" என்று சொல்லிவிடுவார். மீன் குறைந்த காலையில் 1,100க்கு யார் கொடுப்பார்?

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவர் சொன்னார்: "மிஸ், விலையைக் கூட்டி எழுதினா அண்ணை ஏசுவார். மீன் இல்லாமல் வந்தாலும் ஏசுவார். கிலோவைக் கூட்டினா ஒருத்தரும் கேக்கிறேல்ல."

அன்றைய துண்டு இப்படிப் பிரிகிறது. 171 கிலோவுக்கு 1,150 வீதம் படகுக்காரருக்குப் போனது 196,650 ரூபாய். அது அன்றைய சந்தை விலை, கம்பனிக்கு அதில் நட்டமில்லை. மீதி 1,350 ரூபாய் அவர் பைக்குள் போனது. கம்பனிக்காகத் தொடங்கிய பழக்கம்தான், கிலோ என்பது இழுத்தால் நீளும் என்று கண்ட பிறகு தனக்காகவும் நீண்டுவிட்டது. ஒரு படகில் 1,350 சிறிய தொகை. ஒரு காலையில் பல படகு, ஒரு பருவத்தில் பல காலை என்று பெருக்கினால் அப்படி இராது.

இப்போது முதலாவது கூறுக்கு வருவோம். கட்டுப்பாட்டுச் சூழல் என்றால் புத்தகத்தில் நேர்மை, ஒழுக்க விழுமியம் என்று தொடங்கும். அதை வாசித்துவிட்டுச் சுவரில் ஒரு வாசகம் ஒட்டுகிற கம்பனிகளைக் கண்டிருக்கிறேன். எங்கள் கம்பனியில் சூழல் என்பது மூன்று விடயங்களாக இருந்தது. ஒன்று, நடைமுறைக்கு ஒவ்வாத அந்த உச்ச விலை. இரண்டாவது, மீன் எடுப்பவருக்குச் சம்பளத்துக்கு மேல் கிலோவுக்கு 5 ரூபாய் ஊக்கத்தொகை, அதுவும் துண்டிலுள்ள கிலோவுக்கு. இல்லாத ஒன்பது கிலோவுக்கும் கம்பனி 45 ரூபாய் கொடுத்திருக்கிறது. காசு சிறிதுதான், ஆனால் கூட எழுதுகிறவருக்குக் கம்பனியே கை கொடுத்தால் அவர் என்ன விளங்கிக்கொள்வார்? மூன்றாவதுதான் பேசக் கடினமானது. முதலாளி வீட்டிலிருந்து அழைப்பு எடுத்து, "பிள்ளை, பெடியனிட்ட ஒரு அம்பதாயிரம் குடுத்து விடு" என்பார். காசாளர் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுப்பார். துண்டு எழுதினால் உண்டு, எழுதாவிட்டால் இல்லை. இதை ஒவ்வொரு நாளும் பார்க்கிற அலுவலகத்தில், ஒரு துண்டின் இலக்கம் புனிதமானது என்று யார் நம்புவார்?

உச்ச விலையும் ஊக்கத்தொகையும் மாறுவதற்குப் பெரிய சண்டை தேவைப்படவில்லை. கணக்கைக் காட்டியதும் முதலாளிக்கு விளங்கியது. முதல் நாள் விலையை வழிகாட்டி விலையாக வைத்து, அதற்கு மேல் ஓர் எல்லை வரை எடுப்பவரே தீர்மானிக்கலாம், அதையும் தாண்டினால் கரையிலிருந்தே அழைத்துக் கேட்க வேண்டும் என்று ஆக்கினோம். ஊக்கத்தொகை வாடித் தராசின் கிலோவுக்கு மாறியது. மீன்பாடு குறைகிற மாரி காலத்துக்கும் அவருக்கு ஒரு நிலையான சம்பளம் வைத்தோம். ஐப்பசி, கார்த்திகையில் கடல் கொந்தளிக்கும் காலத்தில் கையில் ஒன்றும் இல்லாமல் இருக்கும் ஒருவரிடம் அடுத்த பருவத்தில் இலட்சக்கணக்கில் காசைக் கொடுத்துக் கரைக்கு அனுப்புவது நாமே குழி வெட்டுவதற்குச் சமம்.

முதலாளியின் கைச்செலவு வேறு கதை. "உங்கள் காசு, நீங்கள் எடுங்கோ. ஆனா அது கம்பனியின்ர காசேட்டில மீன் வாங்கின செலவாப் போய் விழக்கூடாது" என்றேன். கம்பனி சட்டப்படி வேறு ஆள், அவர் வேறு ஆள். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டம் கணக்குப் பதிவுகளை ஒழுங்காக வைக்கும் பொறுப்பைக் கம்பனி மீது வைக்கிறது, அதற்குப் பணிப்பாளர்களும் பதில் சொல்ல வேண்டும். அவருக்கென்று பணிப்பாளர் நடைமுறைக் கணக்கு ஒன்றைத் திறந்தோம். எடுப்பதெல்லாம் மஞ்சள் துண்டில் எழுதப்பட்டு அங்கே போகும். இப்போதும் அவர் அழைப்பு எடுத்துத்தான் கேட்கிறார். காசாளர் மஞ்சள் துண்டை எழுதிவிட்டுத்தான் கொடுக்கிறார். இதற்கு மேல் ஒரு முகாமையாளரால் முதலாளியைத் திருத்த முடியும் என்று நான் நம்பவில்லை.

இரண்டாவது, இடர் மதிப்பீடு. இதற்குப் பெரிய அட்டவணை போட்டு, சிவப்பு, மஞ்சள், பச்சை தீட்டிக் கொண்டிருக்கத் தேவையில்லை. முதலில் நோக்கத்தை ஒரு வசனத்தில் எழுத வேண்டும். எங்களுடையது இது: உண்மையில் வாடிக்கு வந்த மீனுக்கு, அன்று காலை விலையில், மீன் தந்த ஆளுக்கே காசு போக வேண்டும். நோக்கத்தை இப்படி எழுதியதும் எங்கே பிழைக்கலாம் என்பது தானே தெரிகிறது. வராத மீனுக்குக் காசு போகலாம், விலையோ தரமோ பொய்யாகலாம், இல்லாத படகின் பெயரில் துண்டு வரலாம். இதோடு நாலாவதாக ஒன்று இருந்தது. வலைக்கும் இயந்திரத்துக்கும் என்று படகுக்காரருக்குக் கொடுத்த முற்பணம் மீன் காசில் கழிபடாமல் போகலாம்.

இந்த நாலில் எது பெரியது என்று பார்க்கும்போது தொகையை மட்டும் பார்க்காமல், செய்வது எவ்வளவு இலகு, கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்றும் பார்க்க வேண்டும். கிலோவைக் கூட்டுவது இலகு, ஆனால் வாடியில் நிறுத்தால் பிடிபடும். விலையைக் கூட்டுவதும் இலகு, அது பிடிபடுவதோ மிகக் கடினம், ஏனென்றால் மீன் விற்று முடிந்த பிறகு அன்று காலை ஆறு மணி விலையை யார் நிரூபிப்பது? பெரிய அறக்குளாவின் விலையில் சின்ன அறக்குளாவை எழுதுவதும் இந்த வகைதான். கிலோ சரியாகவே இருக்கும், காசு கூடப் போயிருக்கும். நாங்கள் கிலோவை இறுக்கினால் ஒழுக்கு விலைப் பக்கம் திரும்பும் என்பதை அப்போதே எழுதி வைத்தேன். இடர் மதிப்பீட்டில் இதுதான் பலர் விடுகிற இடம். ஒரு கட்டுப்பாட்டைப் போட்டால் அதுவே இடரை இடம் மாற்றும்.

அந்தக் கூறிலேயே, மாற்றங்களைக் கவனி என்றும் ஒரு கோட்பாடு உண்டு. 2022இல் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது அது ஏன் என்று விளங்கியது. மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்தன. காசாகக் கொடுத்த முற்பணம் எண்ணெயாகக் கொடுக்கும் முற்பணமாக மாறியது. ஆனால் துண்டில் அதற்கு இடமே இல்லை, கான் கணக்கில் கொடுத்ததை எந்த விலையில் கழிப்பது என்று யாரும் தீர்மானித்திருக்கவும் இல்லை. முறை பழையது, தொழில் புதியது. அந்த இடைவெளிக்குள் போன காசில் ஒரு பகுதி திரும்பி வரவேயில்லை. எரிபொருள், நாணயம், புதிய மென்பொருள், வேலையை விட்டுப் போகும் காசாளர், எதுவாக இருந்தாலும் மாற்றம் வந்த வாரத்தில் அந்த நோக்க வசனத்தைத் திரும்ப வாசித்துப் பார்ப்பது நல்லது.

இவ்வளவுக்கும் பிறகுதான் மூன்றாவது கூறு. கடமைகளைப் பிரி என்று புத்தகம் சொல்லும். வாங்குபவர், பெறுபவர், காசு கொடுப்பவர், கணக்கு எழுதுபவர் எல்லாம் வேறு வேறு ஆட்களாக இருக்க வேண்டும். எங்கள் கரையில் அது நடக்காது. படகுக்காரர் மீனைக் கொடுத்த கையோடு காசு கேட்பார். அலுவலகத்துக்கு வாருங்கள், காசோலை தருகிறோம் என்றால் மீன் பக்கத்து வாடிக்குப் போய்விடும். எனவே கரையில் பிரிக்க முடியாததை வாடியில் பிரித்தோம். நிறுப்பவருக்குத் துண்டு போகாது. அவர் முதலில் தராசைப் பார்த்துத் தன் கொப்பியில் எழுதுவார், நேரம் போட்டுக் கையெழுத்து வைப்பார். அதற்குப் பிறகுதான் துண்டு வாடிக்குள் வரும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் நகரத்து அலுவலகத்தில் இருக்கும் கணக்கு எழுதுநர், நிறுப்பவரும் அல்ல, எடுப்பவரும் அல்ல. செலவு என்று சொல்லப் போனால் ஒரு கொப்பி, ஒரு பேனை.

துண்டுப் புத்தகங்களுக்குத் தொடர் இலக்கம் போட்டோம். எந்தப் புத்தகம் யார் கையில் என்று காசாளரிடம் ஒரு பதிவேடு இருக்கும். மூன்று பிரதிகள்: வெள்ளை படகுக்காரருக்கு, இளஞ்சிவப்பு அலுவலகத்துக்கு, கடைசி புத்தகத்திலேயே இருக்கும். துண்டு பழுதானால் மூன்றையும் குறுக்கே கீறிப் புத்தகத்தோடு வைக்க வேண்டும். இலக்கம் விடுபட்டால் அடுத்த நாள் காசு கொடுபடாது. முற்பணத்தை மட்டும் கரைக் காசிலிருந்து முழுதாக எடுத்துவிட்டோம். அது வங்கிக் கணக்குக்குத்தான் போகும், முதலாளியும் நானும் சேர்ந்து ஒப்புக்கொண்ட பிறகு. கணினிப் பக்கம் ஒன்றே ஒன்று சொல்கிறேன்: கணக்கு மென்பொருளின் கடவுச்சொல் திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்தால், யார் எதைப் பதிந்தார் என்ற கேள்விக்கு உங்களிடம் பதில் கிடையாது. முதல் நாளே கிழித்துவிட்டு ஒவ்வொருவருக்கும் தனிப் பெயர் போடுங்கள்.

நாலாவது கூறான தகவலையும் தொடர்பாடலையும் புத்தகத்தில் வாசிக்கும்போது சப்பென்று இருக்கும். எங்களுக்கு அதிகப் பலன் தந்தது அதுதான். ஆங்கிலத் துண்டைத் தமிழிலும் சிங்களத்திலும் மாற்றி அச்சடித்தோம். கரையில் வாசிக்கத் தமிழ், லொறிச் சாரதிக்கும் பேலியகொடை முகவருக்கும் சிங்களம். கீழே, "உங்கள் கிலோவும் விலையும் துண்டில் சரியா? பிழை என்றால் அழையுங்கள்" என்று எழுதி என் தொலைபேசி இலக்கத்தைப் போட்டேன். வாசிக்க முடியாத தாளில் வாங்கும் கையெழுத்து எதற்கும் சான்றாகாது. வாசிக்க முடிந்த பிறகு அதே படகுக்காரர் நமக்குச் சம்பளமில்லாத கணக்காய்வாளர்.

முதல் அழைப்பு கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு படகுக்காரரிடமிருந்து வந்தது. "தங்கச்சி, துண்டுல 62 கிலோண்டு போட்டிருக்கு. நான் குடுத்தது 60தான். காசு 60க்குத்தான் வந்த. நாளைக்கி என்ட பேர்ல கூடக் காசு எடுத்தண்டு சொல்லிராதீங்க." தனக்கு நட்டமில்லாத விடயத்துக்கு அவர் ஏன் அழைத்தார்? முற்பணக் கணக்கு அவருக்கு இருந்தது. துண்டில் கிலோ கூடினால் கழிபடும் தொகையும் கூடும், கையில் வந்த காசோடு அது பொருந்தாது, பிறகு குழப்பம் தன் தலையில் விழும் என்று அவருக்குத் தெரியும். தகவல் யாரிடம் போய்ச் சேர்ந்தால் அவர் தன் நலனுக்காகவே பேசுவார் என்று பார்த்து வழியைத் திறந்துவிட வேண்டும்.

மேலே போகிற தகவலைப் பொறுத்தவரை, ஒரே ஒரு எக்செல் பக்கம் போதுமாக இருந்தது. படகு, துண்டுக் கிலோ, வாடிக் கிலோ, வித்தியாசம், மீன் வகைக்கு விலை. அடுத்த நாள் காலை பத்து மணிக்கு முன் முதலாளிக்கும் எனக்கும் வாட்ஸ்அப்பில் வரும். மாத முடிவில் வரும் அழகான அறிக்கை மீன் கம்பனிக்கு உதவாது. அதற்குள் மீனும் போய்விடும், படகுக்காரரின் நினைவும் போய்விடும்.

ஐந்தாவது கண்காணிப்பு. கட்டுப்பாடு இருக்கிறதா என்று பார்ப்பது வேறு, அது இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது வேறு. வித்தியாசம் நூற்றுக்கு ஐந்திலிருந்து ஒன்றுக்குக் கீழே வந்தபோது எல்லோருக்கும் சந்தோசம். பிறகு ஒரு காலத்தில் பக்கம் முழுவதும் வித்தியாசம் பூச்சியம் என்று வரத் தொடங்கியது. முதலாளி அதைப் பார்த்து இன்னும் சந்தோசப்பட்டார். எனக்கு அது பிடிக்கவில்லை. ஈர மீன், இரண்டு தராசு, இடையில் குலுங்கும் பாதை. இதில் இரண்டு இலக்கமும் கிராம் பிசகாமல் ஒவ்வொரு நாளும் ஒத்துப்போவது இயற்கையல்ல. சொல்லாமல் வாடிக்குப் போய்ப் பார்த்தால், மழைக்குத் தராசின் மின்கலம் பழுதாகியிருந்தது. நிறுப்பவர் அலுவலகத்தில் சொல்லப் பயந்து, எடுப்பவரிடம் வாயால் கிலோவைக் கேட்டு எழுதிக் கொண்டிருந்தார். களவு எதுவும் இல்லை. ஆனால் கட்டுப்பாடு செத்துப்போய் மூன்று வாரம், கோப்பில் எல்லாம் சரி.

அதனால்தான், வித்தியாசம் கூடினால் மட்டுமல்ல, இல்லாமல் போனாலும் போய்ப் பாருங்கள் என்கிறேன். இன்னும் சில அடையாளங்கள் உண்டு. கிலோக்கள் எல்லாம் பூச்சியத்திலும் ஐந்திலும் முடிவது, ஒரு வாரத்துக் கையெழுத்தெல்லாம் ஒரே பேனை மையில் ஒரே அழுத்தத்தில் இருப்பது, நேரக் கட்டத்தில் ஒவ்வொரு நாளும் 7.00 என்றே இருப்பது. இவற்றைப் பார்க்கக் கணக்காய்வுத் திணைக்களம் தேவையில்லை. கொப்பியைக் கையில் எடுத்துப் புரட்ட ஒரு ஆள் போதும். அந்த ஆள் கொப்பியை எழுதுகிறவராக இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

குறையைக் கண்டால் யாரிடம் சொல்வது என்பதையும் முன்னமே பேசி வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் விடயத்தில் ஆள் முதலாளிக்கு உறவு. முதலாளியின் மனைவியும் பணிப்பாளர்களில் ஒருவர். உறவினர் சம்பந்தப்பட்ட எந்த விடயமும் இருவருக்கும் ஒரே நேரத்தில் எழுத்தில் போகும் என்று தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டிருந்தோம். அந்த ஒப்புதல் இல்லாவிட்டால் 1,350 ரூபாய்க் கதை குடும்பச் சண்டையாகியிருக்கும். அவர் இன்றும் அங்கேதான் மீன் எடுக்கிறார். கள்ளன் பட்டம் கட்டி அனுப்பியிருந்தால், அதே உச்ச விலையோடும் அதே ஊக்கத்தொகையோடும் அடுத்தவர் வந்து அதையே செய்திருப்பார்.

இதெல்லாம் சேர்ந்து தருவது நியாயமான உறுதி மட்டும்தான், முழு உறுதி அல்ல. கட்டமைப்பும் இதை ஒளிக்காமல் சொல்கிறது. எடுப்பவரும் நிறுப்பவரும் கூட்டுச் சேர்ந்தால் எங்கள் கொப்பிக்கு அது தெரியாது. நிறுப்பவரை இடைக்கிடை வேறு வாடிக்கு மாற்றுவது அந்தக் கூட்டைக் கொஞ்சம் கடினமாக்கும், தடுக்காது. முதலாளியே "எழுதாமல் விடு" என்று சொன்னால் எல்லாக் கூறும் ஒரே நிமிடத்தில் படுத்துவிடும்.

விலைப் பக்கம்தான் இன்னும் முழுதாக அடைபடவில்லை. எடுக்கத் தொடங்கும்போதே வகைக்கு விலையைச் சொல்லி வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு போடச் சொல்லியிருக்கிறோம். பிறகு யோசித்து விலை எழுத இடமில்லாமல் செய்வதற்கு அது. அதே நாள் மற்றக் கரையில் எடுத்த விலையோடு ஒப்பிடுகிறோம். வாரத்துக்கு ஓரிரு படகுக்காரருக்கு அலுவலகத்திலிருந்து அழைத்துக் கேட்கிறோம். பேலியகொடையில் விற்ற விலையிலிருந்து வாங்கிய விலையைக் கழித்து, வகை வகையாக இலாபத்தைப் பார்த்தால் ஒரு வகை மட்டும் தொடர்ந்து மெலிந்து வருவது தெரியும். பாரையிலும் சூரையிலும் இது நன்றாக வேலை செய்கிறது. அறக்குளாவில் இல்லை. பெரியதும் சின்னதும் ஒரே பெட்டியில் வந்தால் எது எந்த விலைக்கு எடுத்தது என்று பிரிக்க முடியவில்லை. அடுத்த பருவம் தொடங்கும்போது அதற்கு மட்டும் தனிப் பெட்டியும் தனித் துண்டும் வைப்பதாக இருக்கிறோம். நிறுப்பவர் இப்போதே "பெட்டி காணாது மிஸ்" என்கிறார்.